டியூ முடிந்தது, ஹெச்.பி. முடியவில்லை

வாசகர் கடிதம்

"நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2016-ல் மதுரையில் வேலை பார்த்தபோது வங்கிக் கடனில் கார் வாங்கினேன். 2021 ஆகஸ்டில் அறுபதாவது தவணையும் கட்டி முடித்தேன். வங்கி என்.ஓ.சி.யும் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35 இரண்டு பிரதியும் தபாலில் அனுப்பியது. கடன் முடிந்தது என்று நிம்மதியாகப் பீரோவில் வைத்துவிட்டேன். மறு வருடம் மாற்றலாகித் திருச்சிக்கு வந்துவிட்டோம்.

இப்போது காரை 3,60,000 ரூபாய்க்கு விலை பேசி 50,000 முன்பணமும் வாங்கிவிட்டேன். வாங்குபவரின் மகன் செல்போனில் பார்த்துவிட்டு, ஆர்.சி.யில் இன்னும் வங்கிப் பெயர் இருக்கிறது என்கிறார். அதுவும் பழைய வங்கியின் பெயர். அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்துவிட்டது, என் என்.ஓ.சி.யில் புது வங்கியின் பெயர்தான் இருக்கிறது. 'பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்மில் கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்துவிடுங்கள், ஹெச்.பி. என்கிற அந்த வங்கி அடமானக் குறிப்பைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், 9,000 ரூபாய் ஆகும்' என்கிறார் புரோக்கர்.

கடன் முடிந்ததும் வங்கியே பெயரை எடுத்திருக்க வேண்டாமா? தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, நான் கேட்கலாமா? புரோக்கர் சொல்வதுபோல் செய்யலாமா?"

— ஓர் ஆசிரியை, திருச்சி

வழக்கறிஞர் பதில்

டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வண்டியை இப்போது கொடுக்காதீர்கள். 29, 30 ஃபார்ம்களிலும் இன்று கையெழுத்து வேண்டாம். மற்றதெல்லாம் சில வாரத்தில் தீரக்கூடிய சங்கதி.

உங்கள் கார் இரண்டு பேரேடுகளில் பதிவாகியிருக்கிறது. ஒன்று வங்கியின் கடன் கணக்கு. இன்னொன்று மதுரை ஆர்டிஓ அலுவலகத்தின் பதிவேடு. 2021 ஆகஸ்டில் முடிந்தது முதல் கணக்கு மட்டும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 51-வது பிரிவுப்படி, அடமானக் குறிப்பை ஆர்.சி.யில் ஏற்றுவதும் அடிப்பதும் பதிவு அதிகாரியின் வேலை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று இரு தரப்பும் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால்தான் அவர் அடிப்பார். அந்த விண்ணப்பம்தான் ஃபார்ம் 35. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 61-வது விதி அதைச் சொல்கிறது. அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் இருக்கும்: ஒன்று வங்கிக்கு, ஒன்று வண்டியின் உரிமையாளருக்கு. வங்கி தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பியது. உங்கள் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் வங்கியே எடுத்திருக்க வேண்டாமா என்ற உங்கள் வருத்தம் நியாயமாகத் தோன்றினாலும், வங்கி தனியாக அதைச் செய்திருக்க முடியாது. என்.ஓ.சி. என்பது, "எங்களுக்குப் பாக்கி இல்லை, நீக்கினால் ஆட்சேபணை இல்லை" என்று வங்கி சொல்லும் வாக்குமூலம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து நீக்கவைப்பது உங்கள் பங்கு. என்.ஓ.சி. வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து, அந்தக் கவரை நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தி வைப்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். வண்டி ஓடுகிற வரை ஒன்றும் தெரியாது. விற்கும்போதோ, திருடு போகும்போதோ, உரிமையாளர் இறந்த பிறகோதான் தெரியவரும்.

புரோக்கர் சொல்லும் குறுக்குவழி

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டிப் போவது நம் ஊரில் பல காலமாக நடக்கிறது. உங்கள் விஷயத்தில் அது இரண்டு விதத்தில் ஆபத்து.

முதலாவது, அந்தப் பெயர் மாற்றம் நடக்கவே நடக்காது. ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருக்கும்வரை, அந்த வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்று அதே 51-வது பிரிவு சொல்கிறது. ஆக, வண்டி வாங்கியவர் வீட்டில் நிற்கும். பதிவேட்டில் உங்கள் பெயரும் வங்கிப் பெயரும் அப்படியே இருக்கும். அப்புறம் ஹெச்.பி.யை எடுக்க உங்கள் கையெழுத்து வேண்டும், உங்கள் செல்போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். பணம் முழுவதும் கைமாறிய பிறகு அதற்கு யார் யாரைத் தேடிப் போவது?

இரண்டாவதுதான் பெரியது. அந்த இடைப்பட்ட நாளில் வண்டி யார்மேலாவது மோதினால், இழப்பீட்டு வழக்கில் எதிர்மனுதாரராக உங்கள் பெயர்தான் வரும். வண்டியை விற்று, பணம் வாங்கி, சாவியும் கொடுத்தாயிற்று என்று நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. அந்த வழக்கில் வண்டி ஒருவரிடமிருந்து ஒருவர் என்று பல கை மாறியிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதல் ஆளின் பெயரே நின்றது. பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் நிறுவனம் கொடுக்கும் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் வாங்கியவர் அதைப் புதுப்பித்தாரா என்று திருச்சியில் உட்கார்ந்துகொண்டு உங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வாங்குபவரிடம் மறைக்க ஒன்றுமில்லை. அவர் மகன் பார்த்துச் சொன்னது நல்லதாகப் போயிற்று. முன்பண ரசீதை இப்படித் திருத்தி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: "ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயர் நீக்கப்பட்ட பிறகே வண்டி ஒப்படைக்கப்படும். மீதி 3,10,000 ரூபாய் அன்றே தரப்படும். 60 நாளில் நீக்கம் முடியாவிட்டால், வாங்குபவர் விரும்பினால் 50,000 ரூபாயும் திருப்பித் தரப்படும்." உண்மையாக வாங்க வந்தவர் இதற்கு மறுக்கமாட்டார். அவருக்கும் இதுதான் பாதுகாப்பு.

பீரோவில் இருக்கும் என்.ஓ.சி.

உங்கள் என்.ஓ.சி.யின் அடியில், பெரும்பாலும் சிறிய எழுத்தில், இது இத்தனை நாளுக்குத்தான் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். பல வங்கிகள் மூன்று மாதம் என்று போடுகின்றன. இதைப் படித்ததும் சிலர் பதறிப்போகிறார்கள், கடனே மறுபடி உயிர்த்தெழுந்துவிட்டதோ என்று. அப்படி எதுவும் இல்லை. அந்தக் கெடு வங்கி தன் பாதுகாப்புக்காக அச்சடித்துக்கொள்வது. கடன் தீர்ந்தது தீர்ந்ததுதான். ஆனால் ஆர்டிஓ அலுவலகத்தில் அந்தத் தேதியைப் பார்த்ததும் திருப்பி அனுப்புவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எனவே புதுத் தேதியிட்ட என்.ஓ.சி.யும், புதிதாகக் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ம் வங்கியிடம் கேட்க வேண்டும். சில வங்கிகள் மறு பிரதிக்குச் சிறு கட்டணம் வாங்கும். கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கி இணைப்பு உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்தது. என் அனுபவத்தில் ஃபைல் அதிகம் சிக்கிக்கொள்வது அங்கேதான். 2019 ஏப்ரல் 1-ல் விஜயா வங்கியும் தேனா வங்கியும் பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்தன. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் நம் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்துக்குள் போனது. வங்கிகளின் பெயர்ப் பலகை ஒரே இரவில் மாறியது. ஆர்டிஓ பதிவேட்டில் இருந்த பெயர்களை யாரும் மாற்றவில்லை. ஆர்.சி.யில் ஒரு பெயர், ஃபார்ம் 35-ன் முத்திரையில் வேறு பெயர் என்றால் கவுண்டரில் இருப்பவர் கேட்கத்தான் செய்வார்: "கடன் கொடுத்தவர் இவர், முடிந்தது என்று சொல்ல அவர் யார்?"

அந்தக் கேள்விக்கான பதிலை வங்கியின் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். இப்போதிருக்கும் வங்கியின் எந்தக் கிளையிலும் விண்ணப்பம் கொடுக்கலாம். கடன் கணக்கைப் பார்க்கும் மையப் பிரிவுக்கு அவர்கள் அனுப்புவார்கள். இணைப்புக்குப் பிறகு உங்கள் கடன் கணக்கு எண்ணே மாறியிருக்கலாம். பழைய எண்ணைச் சொல்லி "அப்படி ஒரு கணக்கே இல்லை" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. அதனால் 2021 என்.ஓ.சி.யின் நகல், ஆர்.சி. நகல், ஆதார் நகல் மூன்றையும் இணைத்து, கீழே உள்ளதுபோல் எழுதுங்கள்:

"பதிவு எண் ….., சேசிஸ் எண் ….., எஞ்சின் எண் ….. கொண்ட என் வாகனத்துக்கான கடன் 2021 ஆகஸ்டில் முழுவதும் அடைக்கப்பட்டு, அதற்குத் தாங்கள் கொடுத்த என்.ஓ.சி.யின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. பதிவுச் சான்றில் இன்னும் ….. வங்கி என்ற முந்தைய பெயரே உள்ளது. அந்த வங்கி தங்களோடு இணைந்துவிட்டதையும், அதன் சார்பில் தாங்களே நீக்கத்துக்குச் சம்மதிப்பதையும் குறிப்பிட்டு, புதிய தேதியில் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35 இரண்டு பிரதிகளும், இணைப்பு அறிவிக்கையின் நகலும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

விண்ணப்பத்தின் நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். மின்னஞ்சலிலும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.

வங்கி மறுபடி கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ 1,180 ரூபாய் சார்ஜ் பாக்கி காட்டுகிறதே" என்று சொல்லவும் வாய்ப்புண்டு. கணக்குகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது இப்படி உதிரித் தொகைகள் முளைத்ததுண்டு. சின்னத் தொகைதானே என்று கட்டிவிடத் தோன்றும். முதலில் 2021 என்.ஓ.சி.யைக் காட்டுங்கள். "பாக்கி ஒன்றுமில்லை" என்று தாங்களே எழுதிக் கொடுத்த பிறகு, எந்தத் தேதியில் எதற்காகப் பாக்கி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கேட்டதுமே தொகை காணாமல் போய்விடும்.

தாள் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துச் சேசிஸ் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பதினேழு எழுத்து, அதில் ஒரு 8, B ஆகியிருந்தாலும் ஃபைல் திரும்பும். வங்கி அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதவியும் தெரிகிற முத்திரை இருக்கிறதா, தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கட்டத்தில் நீங்கள் போடும் கையெழுத்து, 2016-ல் கார் பதிவு செய்தபோது போட்டது மாதிரியே இருக்கட்டும். இந்த இடைவெளியில் பலருக்குக் கையெழுத்து மாறிவிடுகிறது. பள்ளி வருகைப் பதிவேட்டில் தினமும் போடும் சுருக்கொப்பம் இங்கே உதவாது.

ஆர்டிஓ அலுவலகத்தில்

நீங்கள் திருச்சியில் இருந்தாலும், ஆர்.சி.யில் முகவரியை மாற்றாததால் உங்கள் வண்டியின் பதிவு மதுரையில்தான் இருக்கிறது. கடைசியாக வண்டியைப் பதிவில் வைத்திருக்கும் அலுவலகம்தான் குறிப்பை நீக்க வேண்டும் என்பது சட்டம். திருச்சி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

விண்ணப்பம் parivahan.gov.in தளத்தில் தொடங்குகிறது. வாகன சேவைகளில் பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கொடுத்தால், வண்டியோடு இணைந்திருக்கும் செல்போனுக்கு ஓ.டி.பி. போகும். அந்த எண் இப்போது உங்களிடம் இல்லையென்றால், முதல் வேலை எண்ணை மாற்றுவதுதான். 2016-ல் ஷோரூம்காரர் தன் எண்ணையே போட்டுவைத்த கதைகளும் உண்டு. உள்ளே போனதும் `Hypothecation Termination` என்ற சேவையைத் தேர்ந்தெடுத்து, தளம் காட்டும் கட்டணத்தைச் செலுத்தி, ஒப்புகைத் தாளை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பாக்கி இ-சலான் ஏதாவது இருந்தால் இந்த இடத்தில் தட்டும், முன்கூட்டியே பார்த்துக் கட்டிவிடுங்கள். சில வங்கிகள் என்.ஓ.சி.யை நேரடியாக இந்தத் தளத்துக்கே மின்னணு முறையில் அனுப்புகின்றன. உங்கள் வங்கி அப்படிச் செய்யுமா என்று விண்ணப்பம் கொடுக்கும்போதே கேளுங்கள். செய்தால் முத்திரைச் சண்டையே இல்லை.

ஒப்புகைத் தாளோடு அசல் ஆர்.சி., ஃபார்ம் 35 இரண்டு பிரதி, என்.ஓ.சி., வங்கி இணைப்புக் கடிதம், நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று எல்லாவற்றையும் மதுரை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணை சொன்னால், வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு திரும்பாமல், என்ன குறை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "பேங்க் லெட்டர் சரியில்லை" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு வங்கியில் ஒன்றும் செய்ய முடியாது. "இணைப்பு அறிவிக்கையின் நகல் இல்லை" என்று தாளில் இருந்தால், மறுநாளே வாங்கிவிடலாம்.

இன்னொரு விஷயம், வங்கிப் பெயர் நீங்கிய புது ஆர்.சி. கார்டு எங்கே வரும் என்பது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஆர்.சி. கார்டைக் கையில் கொடுப்பதில்லை, விரைவு அஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். ஆர்.சி.யில் இருக்கும் முகவரிக்குத்தான் வரும், அதாவது நீங்கள் காலி செய்த மதுரை வீட்டுக்கு. அந்த வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆள் இல்லை என்று உறை திரும்பினால் அலுவலகத்துக்கே போய்ச் சேரும். பிறகு அதை மறுபடி வரவழைக்க நீங்கள் அந்த அலுவலகத்தை அணுக வேண்டியிருக்கும். முகவரி மாற்றத்தையும் சேர்த்தே செய்யலாமே என்று தோன்றலாம். விற்கப் போகிற வண்டிக்கு அது வேண்டாத சுற்று. பெயர் மாறும்போது வாங்குபவரின் முகவரிதான் ஏறப் போகிறது.

முடிந்ததா என்பதை எஸ்.எம்.எஸ்.ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். "விண்ணப்பம் பெறப்பட்டது", "கட்டணம் செலுத்தப்பட்டது" என்று பல செய்திகள் வரும். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ ஆர்.சி.யைப் புதிதாக இறக்கிப் பாருங்கள். கடன் கொடுத்தவர் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தால்தான் வேலை முடிந்தது. வாங்குபவரின் மகனும் அதே செல்போனில் அதையே பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த வேலைக்கு 9,000 ரூபாய் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. மதுரைக்கு இரண்டு முறை பஸ்ஸில் போய்வர நேரமில்லையென்றால் புரோக்கரை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அரசுக் கட்டணத்துக்கான ரசீது உங்கள் பெயரில் வர வேண்டும். ஓ.டி.பி.யை நீங்களே பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். முக்கியமாக, ஃபார்ம் 35-ஐத் தவிர வேறு எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்துக் கொடுக்காதீர்கள். தாள் கட்டின் நடுவில் ஒரு ஃபார்ம் 29-ஐயும் செருகிவைப்பது அவர்களுக்குப் பழக்கம்.

நாளுக்கு 5,000 ரூபாய்

வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தனிநபர் கடன் முழுவதும் அடைபட்ட 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் ஏற்றிய அடமானக் குறிப்பையும் நீக்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்கிறது அது. சொந்த உபயோகத்துக்கான கார் கடனும் இதில் அடங்கும்.

ஆனால் 2023 டிசம்பர் 1-ம் தேதியிலோ அதற்குப் பிறகோ ஆவணங்களைத் தர வேண்டிய கடன்களுக்குத்தான் இது பொருந்தும். உங்கள் கடன் 2021-லேயே முடிந்துவிட்டது. அப்படியே பொருந்தினாலும், வங்கி தன் தாள்களை அப்போதே அனுப்பிவிட்டது. அவை பீரோவில் இருந்த காலத்துக்கு அவர்களைக் கேட்க முடியாது. அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

இந்த இதழைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. சமீபத்தில் டியூ முடித்தவர்களுக்கு இந்தச் சுற்றறிக்கை நல்ல ஆயுதம். ஆனால் அதை நம்பி, வங்கியே ஆர்டிஓ வேலையையும் பார்த்துக்கொள்ளும் என்று கை கட்டி உட்காராதீர்கள். ஃபார்ம் 35-ல் உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் ஆர்.சி.யில் எதுவும் நகராது. கடைசித் தவணை கட்டியதும் கணக்கு முடிந்ததற்கான அறிக்கையை எழுதிக் கேட்டு வாங்குங்கள். முப்பது நாள் எண்ணிக்கை எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி.

உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இப்போது நீங்கள் கொடுக்கும் புது விண்ணப்பத்துக்கு வங்கி பதிலே சொல்லாமல் இழுத்தடித்தால், அந்த வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வக்கீல் வேண்டியதில்லை. முத்திரை போட்டு வாங்கிய நகல் என்று முன்பே சொன்னேனே, அது இங்கேதான் பயன்படும்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள்

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். வருடா வருடம் ஆன்லைனில் புதுப்பிக்கும்போது பழைய விவரங்கள் அப்படியே ஏறிவிடும். உங்கள் பாலிசியில் ஹெச்.பி. அல்லது ஃபைனான்சியர் என்ற வரியில் அந்தப் பழைய வங்கி இன்னும் உட்கார்ந்திருக்கும். கூடவே ஐ.எம்.டி. 7 என்றொரு ஒப்புறுதி, அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் நிபந்தனை, இருக்கும். வண்டி திருடு போனாலோ, சரிசெய்ய முடியாதபடி சேதமானாலோ, இழப்பீட்டுத் தொகை முதலில் அடமானம் பிடித்தவருக்குப் போகும் என்பது அதன் சாரம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியில் ஒருவருடைய கார் கூரை வரை மூழ்கியது. முழுச் சேதம் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவர் கடன் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பாலிசியில் மட்டும் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது, ஆர்.சி.யிலும் இருந்தது. அந்த நிறுவனத்தின் கடிதம் இல்லாமல் காசோலை தர முடியாது என்றுவிட்டார்கள். அவருடைய என்.ஓ.சி.யோ காரின் டேஷ்போர்டுக்குள் இருந்து தண்ணீரில் கூழாகியிருந்தது. புதுக் கடிதம் வாங்கி அவர் பணத்தைப் பார்ப்பதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

உங்கள் வண்டி கைமாறும் வரை இன்னும் சில வாரம் உங்கள் பெயரில்தான் இருக்கப் போகிறது. புது என்.ஓ.சி. வந்ததுமே ஒரு நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பி, அந்தப் பெயரை நீக்கி ஒப்புறுதி தரச் சொல்லுங்கள். புது ஆர்.சி.யும் வேண்டும் என்று கேட்டால், வந்ததும் கொடுத்துவிடலாம்.

கார்டு வந்த பிறகு, வாங்குபவரை நேரில் வரச் சொல்லி, 3,10,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு 29, 30-ல் கையெழுத்துப் போடுங்கள். சாவி கொடுத்த தேதியும் நேரமும் குறித்த ஒப்படைப்புக் கடிதம் ஒன்றில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை என்று 50-வது பிரிவு சொல்கிறது, அதை வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். பதிவேட்டில் அவர் பெயர் ஏறியதைச் செல்போனில் பார்க்கிற வரை பீரோவில் இருக்கும் அந்த 2021 கவரைக் கிழித்துப் போட வேண்டாம்.